டிஸ்க் விலகினால் ஆபரேஷன் வேண்டுமா?

1994இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் முதுகு வலியே இல்லாத 98 பேரைத் தேடிப் பிடித்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். அந்தப் படங்களோடு, உண்மையிலேயே முதுகு வலியால் அவதிப்பட்ட 27 பேரின் படங்களையும் கலந்துவைத்து, எது யாருடையது என்று சொல்லாமல் ஸ்கேன் பார்க்கும் நிபுணர்களிடம் கொடுத்தார்கள். வலியில்லாத அந்த 98 பேரில் 52 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஒரு டிஸ்க்காவது உப்பியிருந்தது. 27 சதவீதம் பேருக்கு டிஸ்க் நன்றாகவே பிதுங்கி நின்றது. எல்லா டிஸ்க்குகளும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம் பேர்தான்.

பிறகு இதுபோன்ற ஆய்வுகள் பல வந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் படங்களை ஒன்றாகத் தொகுத்து 2015இல் வெளிவந்த ஆய்வு, வலி எதுவும் இல்லாத 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் உப்பல் இருப்பதாகவும், 80 வயதில் அது 84 சதவீதமாகிவிடுவதாகவும் கண்டது. வயதானால் தலை நரைப்பது எவ்வளவு இயல்போ, டிஸ்க் வற்றி உப்புவதும் அவ்வளவு இயல்பு.

இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் நம் ஊரில் பலர் பயந்து நடுங்குகிறார்கள். பெரிய கவரில் ஸ்கேன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களிடம் பேசிப் பார்த்தால் தெரியும். ரிப்போர்ட்டில் 'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ், நரம்பு அழுத்தம்' என்று ஒரு வரி இருக்கும். "ஜவ்வு விலகிடுச்சாம், ஆபரேஷன் பண்ணலைன்னா கால் விளங்காமப் போயிடும்னு சொல்றாங்க" என்பார்கள். சொன்னது மருத்துவராக இருக்கலாம், ஸ்கேன் சென்டரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவராகவும் இருக்கலாம். பயம் மட்டும் ஒன்றுதான்.

உண்மையில் டிஸ்க் ஆபரேஷன் அவசரமாக வேண்டியவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலருக்கு அது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாத விஷயம். மற்றவர்களுக்குப் பொறுத்துப் பார்க்க நேரம் இருக்கிறது. யார் எந்தப் பக்கம் என்பதைப் படத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. வலி எந்த வழியாக இறங்குகிறது, காலில் பலம் எப்படி இருக்கிறது, சிறுநீர் சரியாகப் போகிறதா, வலி தொடங்கி எத்தனை வாரம் ஆகிறது என்ற கேள்விகளின் பதிலை முதலில் கேட்டுவிட்டு, அதன் பிறகுதான் படத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

முதலில் டிஸ்க் என்பது என்ன? முதுகெலும்பு என்று நாம் சொல்வது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பல எலும்புகள். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. அவற்றுக்கு இடையில் இருக்கும் மெத்தைதான் டிஸ்க். கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளலாம். வெளியே இறுக்கமான நார் வளையம், உள்ளே பூரணம்போல ஈரமான கூழ். நார் வளையத்தில் விரிசல் விட்டால் உள்ளே இருக்கும் கூழ் பின்பக்கமாகப் பிதுங்குகிறது. பின்பக்கத்தில்தான் கால்களுக்குப் போகும் நரம்பு வேர்கள் இருக்கின்றன. டிஸ்க் முழுவதும் இடம்விட்டு நகர்ந்துவிடுவதில்லை. அது மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு இறுக ஒட்டியது. அதனால்தான் அதைக் கையால் அழுத்தி 'உள்ளே தள்ளிப் போடுவது' நடக்காத காரியம். பிதுங்கிய கூழ் ஆழத்தில், தடித்த தசைக்கும் எலும்புக்கும் பின்னால் இருக்கிறது.

இந்த விரிசல் எங்கிருந்து தொடங்குகிறது என்பதில் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் முதுகெலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் குழு செய்த ஆய்வு உலக அளவில் கவனிக்கப்பட்டது. டிஸ்க் பிதுங்கிய 181 பேரை ஆராய்ந்ததில், சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நார் வளையத்தின் நடுவில் கிழிசல் இல்லை, டிஸ்க் எலும்போடு ஒட்டும் ஓரத்தில்தான் பிரிவு ஏற்பட்டிருந்தது என்று 2013இல் அவர்கள் எழுதினார்கள். டிஸ்க்குக்கு நேரடியாக ரத்தக் குழாய் கிடையாது. எலும்பின் ஓரத்தில் உள்ள மெல்லிய தகடு வழியாகத்தான் அதற்குச் சத்து கசிந்து வருகிறது. அந்தத் தகடு பலவீனப்படும்போது டிஸ்க்கும் பலவீனப்படுகிறது. ஒரு நாள் தும்மியபோதோ குனிந்தபோதோ பிதுங்கியதாக நோயாளி சொன்னாலும், அதற்கான ஆயத்தம் பல ஆண்டுகளாக உள்ளே நடந்திருக்கும்.

பிதுங்கிய கூழ் நரம்பு வேரைத் தொட்டால் என்ன ஆகும்? வெறும் அழுத்தம் மட்டுமல்ல, அந்தக் கூழில் உள்ள ரசாயனங்கள் நரம்பைச் சுற்றி அழற்சியையும் உண்டாக்குகின்றன. நரம்பு வீங்கி, சிவந்து, எரிச்சலோடு இருக்கிறது. படத்தில் சின்னப் பிதுக்கம் இருப்பவர் துடித்துப்போவதும், பெரிய பிதுக்கம் இருப்பவர் சாதாரணமாக நடந்து போவதும் இதனால்தான். அழற்சி அடங்கினால், பிதுக்கம் அப்படியே இருந்தாலும் வலி குறையும்.

இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் இந்த வலிக்குத்தான் சயாட்டிகா என்று பெயர். முதுகு வலிப்பவர்கள் எல்லோருக்கும் சயாட்டிகா இல்லை. இடுப்பில் பிடித்துக்கொண்டு குனிய முடியாமல் நிற்பவருக்கு வலி பெரும்பாலும் தசையிலிருந்தும் மூட்டிலிருந்தும் வருகிறது. சயாட்டிகாவில் புட்டத்திலிருந்து தொடையின் பின்பக்கம் வழியாக முழங்காலைத் தாண்டி, கணுக்கால்வரையோ விரல்வரையோ சுள்ளென்று இழுக்கும். பெரும்பாலும் ஒரு காலில்தான் வரும். முதுகு வலியைவிடக் கால் வலி அதிகமாக இருக்கும். இருமினால், தும்மினால், முக்கினால் கரண்ட் அடித்ததுபோல் பாயும்.

ஒரு நோயாளியோடு கொஞ்ச தூரம் நடந்து பார்க்கலாம். மருத்துவர்கள் தினம் தினம் பார்க்கும் வகை இது. சென்னையில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடும் 36 வயதுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் கேன் என்றால் தோளில் 20 கிலோவுக்கு மேல். லிப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. ஒரு காலையில் வண்டியிலிருந்து கேனை இழுத்து, உடம்பைத் திருப்பித் தூக்கியபோது இடுப்பில் 'படக்' என்றது. இரண்டு நாள் இடுப்பு வலி. மூன்றாம் நாள் இடுப்பு வலி கொஞ்சம் குறைந்து, வலது புட்டத்திலிருந்து முழங்காலுக்கு வெளிப்பக்கமாக இறங்கி, பாதத்தின் மேற்புறம், கட்டை விரல் வரை வலி பிடித்துக்கொண்டது. பாதத்தின் மேல்புறம் மதமதவென்று இருக்கிறது. பைக்கில் உட்கார முடியவில்லை, நின்றால் கொஞ்சம் தேவலை. இரவில் தூக்கமில்லை.

அந்தக் கட்டை விரல்தான் மருத்துவருக்கு முதல் துப்பு. இடுப்பின் கடைசி எலும்பை ஒட்டி வெளியேறும் எல்5 நரம்பு பாதத்தின் மேற்புறத்துக்கும் கட்டை விரலுக்கும் போகிறது. அதற்கு அடுத்த எஸ்1 நரம்பு பாதத்தின் வெளிவிளிம்புக்கும் சுண்டு விரல் பக்கத்துக்கும் உள்ளங்காலுக்கும் போகிறது. எனவே வலி எந்த விரலுக்குப் போகிறது என்று நோயாளி சரியாகக் காட்டினாலே, எந்த நரம்பு என்பதை மருத்துவர் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். இடுப்பில் பிதுங்கும் டிஸ்க்குகளில் 10க்கு 9க்கும் மேல் கடைசி இரண்டு இடங்களில்தான், அதாவது எல்4-எல்5, எல்5-எஸ்1 என்ற இடங்களில்தான் என்பதும் அந்த ஊகத்துக்குத் துணை.

"மல்லாந்து படுங்க. முழங்காலை மடக்காமக் காலைத் தூக்குறேன், எங்கே இழுக்குதுன்னு சொல்லுங்க."

வலது காலை மேஜையிலிருந்து 40 டிகிரி உயர்த்துவதற்குள் "அங்கேதான் டாக்டர், விடுங்க, விடுங்க" என்று துள்ளிவிட்டார். கால் வரை வலி இறங்கினால்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம். தொடையின் பின்தசை இழுப்பது பலருக்கும் இயல்பாகவே உண்டு. அடுத்து இடது காலைத் தூக்கினார். அப்போதும் வலது காலில் இழுத்தது. நல்ல காலைத் தூக்கும்போது கெட்ட கால் வலித்தால் டிஸ்க் பிதுக்கம் என்பதற்கு அது வலுவான அடையாளம்.

"இப்போ வலது கட்டை விரலை மேலே தூக்குங்க. நான் கீழே அழுத்துறேன், விட்டுக்கொடுக்காதீங்க."

கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. மருத்துவர்கள் தசை பலத்தைப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண்ணாகக் குறிப்பார்கள். இது நாலு. குதிகாலில் நடக்கச் சொன்னால் நடக்கிறார், பாதம் தொங்கவில்லை. முன்னங்காலில் எழும்பி நிற்க முடிகிறது. கணுக்காலில் சுத்தியால் தட்டினால் துள்ளுகிறது. சிறுநீர், மலம் எப்போதும்போல. தொடை இடுக்கில், ஆசனவாயைச் சுற்றி உணர்வு சரியாக இருக்கிறது. காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை. பத்து நிமிடத்தில் முடிந்த இந்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. சொல்ல முடியாத பலவற்றைச் சொல்லிவிட்டது.

"ஸ்கேன் எடுத்துடலாமா டாக்டர்?" என்று அவர் மனைவி கேட்கிறார். இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் நேர்மையான பதில். ஸ்கேனில் பிதுக்கம் தெரியப் போகிறது, அது தெரிந்ததுதான். முதல் சில வாரங்களுக்கான சிகிச்சையை அந்தப் படம் மாற்றாது. ஆபரேஷனோ ஊசியோ பற்றி யோசிக்கும் கட்டம் வரும்போது, அல்லது பலம் குறையும்போது எடுத்தால் போதும்.

முதல் ஆறு வாரம் என்ன செய்வது? மாதக் கணக்கில் கட்டிலில் கிடப்பது அறவே கூடாது. ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரை வைத்து 1995இல் வெளிவந்த ஆய்வில், திடீர் இடுப்பு வலி வந்தவர்களில் சிலரைப் படுக்கவைத்தார்கள், சிலருக்கு உடற்பயிற்சி கொடுத்தார்கள், மீதிப் பேரைத் தாங்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். சீக்கிரம் தேறியவர்கள் மூன்றாவது கூட்டம். மிக மெதுவாகத் தேறியவர்கள் படுத்தவர்கள். அது இடுப்பு வலிக்கு. சயாட்டிகாவுக்கு என்றே 1999இல் நெதர்லாந்தில் 183 பேரிடம் இரண்டு வாரப் படுக்கை ஓய்வைச் சோதித்தார்கள். படுத்ததால் எந்தக் கூடுதல் நன்மையும் இல்லை. 12 வாரத்தில் படுத்தவர்கள், படுக்காதவர்கள் என இரு தரப்பிலும் 87 சதவீதம் பேர் முன்னேறியிருந்தார்கள்.

தண்ணீர் கேன்காரருக்கு நடைமுறையில் இதன் பொருள் இதுதான்: கேன் தூக்குவதை நிறுத்த வேண்டும். குனிந்து திரும்பித் தூக்குவது, தரையில் சம்மணம் போட்டு நீண்ட நேரம் இருப்பது, பைக்கில் தொலைதூரம் போவது, இவை மூன்றும் இப்போது வேண்டாம். உட்காரும்போது இடுப்பு டிஸ்க்கின் மேல் விழும் அழுத்தம் நிற்கும்போது விழுவதைவிட அதிகம் என்று சுவீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாச்செம்சன் டிஸ்க்குக்குள்ளேயே ஊசி செலுத்தி அளந்து காட்டினார். அதனால் ஒரே இடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்காராமல் எழுந்து நாலடி நடப்பது நல்லது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, முழங்கால்களுக்கு இடையில் தலையணை வைத்துப் படுத்தால் பலருக்குத் தூக்கம் வரும். வலி கொஞ்சம் அடங்கிய பிறகு பிசியோதெரபிஸ்ட்டிடம் பயிற்சி கற்றுக்கொள்ளலாம். எந்தப் பயிற்சியும் வலியைக் காலின் கீழ்ப்பக்கம் நோக்கித் தள்ளினால் அதை நிறுத்திவிட வேண்டும். வலி காலிலிருந்து சுருங்கி இடுப்பை நோக்கி ஏறினால் அது நல்ல அறிகுறி.

மாத்திரைகளைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் சில நாள் கை கொடுக்கும். மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி மாதக் கணக்கில் விழுங்கினால் இரைப்பையில் புண் வரும், சிறுநீரகமும் பழுதாகும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். 'நரம்பு வலி மாத்திரை' என்று இன்று தாராளமாக எழுதப்படும் பிரிகாபலின், சயாட்டிகாவுக்குப் பலன் தருகிறதா என்று ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் மாவு மாத்திரையைவிட அது வலியைக் குறைக்கவில்லை. தலைசுற்றல் மட்டும் அதிகமானது. முதுகுத்தண்டை ஒட்டிப் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரங்கள் நிம்மதி தரும், ஆபரேஷனைத் தள்ளிப்போடவும் உதவலாம். ஆனால் பிதுக்கத்தை அது அகற்றாது.

பிதுக்கத்தை அகற்றுவது யார்? பெரும்பாலும் உடம்பேதான். நார் வளையத்தைக் கிழித்து வெளியே வந்த கூழை உடல் அந்நியப் பொருளாகக் கருதுகிறது. ரத்தத்திலிருந்து வரும் வெள்ளணுக்கள் அதைச் சூழ்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கரைக்கின்றன. இதில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. வெறுமனே உப்பியிருக்கும் டிஸ்க் கரைவது அபூர்வம். முழுவதும் கிழித்துக்கொண்டு வெளியே வந்த துண்டு, அதுவும் தனியே அறுந்து விழுந்த துண்டு, கரைந்து சுருங்குவதுதான் மிக அதிகம். ஸ்கேனில் பார்க்கப் பயங்கரமாகத் தெரியும் படம் பல நேரங்களில் ஆறு மாதத்தில் காணாமல் போகிறது. "எவ்வளவு பெருசா இருக்கு பாருங்க" என்று படத்தைக் காட்டிச் சொல்வது மட்டும் ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

நம் ஆளுக்கு ஆறாவது வாரத்தில் பத்துக்கு ஒன்பதாக இருந்த வலி நாலாகிவிட்டது. கட்டை விரலின் பலம் முழுமையாகத் திரும்பிவிட்டது. பத்தாவது வாரத்தில் வேலைக்குப் போகிறார், ஆனால் முதலில் கணக்கு எழுதவும் வண்டி ஓட்டவும் மட்டும். பாதத்தின் மேல் மதமதப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அது போக மாதங்கள் ஆகும், சிலருக்குச் சற்றே தங்கியும்விடும். சயாட்டிகா வந்தவர்களில் பெரும்பாலோரின் கதை இப்படித்தான் முடிகிறது.

அப்படி முடியாதவர்களும் இருக்கிறார்கள். எட்டு வாரம் ஆகியும் இரவு முழுவதும் கட்டிலைச் சுற்றி நடப்பவர், வேலைக்குப் போக முடியாமல் வீட்டு வாடகைக்குத் தவிப்பவர். அவரிடம் "இன்னும் பொறுங்கள்" என்று மட்டும் சொல்வதும் நியாயமல்ல. நெதர்லாந்தின் லைடன், தி ஹேக் நகர மருத்துவர்கள் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு 2007இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் நல்ல வழிகாட்டி. கடுமையான சயாட்டிகா வந்து 6 முதல் 12 வாரம் ஆன 283 பேரைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன். மறு பாதிக்கு மருந்து, பயிற்சி, பொறுமை, முடியாவிட்டால் பிறகு ஆபரேஷன். ஆபரேஷன் தரப்பில் நடுத்தரமாக 4 வாரத்தில் தேறினார்கள். பொறுத்திருந்த தரப்பில் 12 வாரம் ஆனது. ஒரு வருட முடிவில் இரு தரப்பிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பொறுத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் அந்த வருடத்துக்குள் கடைசியில் ஆபரேஷன் செய்துகொண்டார்கள்.

இந்த எண்களை இப்படிப் புரிந்துகொள்ள வேண்டும்: கால் பலம் நன்றாக இருக்கும்வரை, ஆபரேஷன் வாங்கித் தருவது நேரத்தை. ஒரு வருடம் கழித்து நிற்கும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த நேரம் ஒருவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை அவரும் குடும்பமும்தான் முடிவு செய்ய முடியும். தினக்கூலிக்காரருக்கும், மூன்று மாதம் விடுப்பு எடுக்கக்கூடிய அலுவலருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. அவசரப்படுத்துவதும் பயமுறுத்துவதும் மட்டும் இங்கே தவறு.

எனில் அவசரம் எப்போது? இரண்டு சூழ்நிலைகளில். ஒன்று, பலம் வேகமாகக் குறைவது. கட்டை விரலில் நாலாக இருந்த மதிப்பெண் மூன்றாகி, இரண்டாகி, பாதம் தொங்க ஆரம்பிக்கிறது. நடக்கும்போது செருப்பு கழன்று விழுகிறது, படியில் முன்னங்கால் தட்டுகிறது, குதிகாலில் நிற்க முடியவில்லை. வலி திடீரென்று குறைந்து, அதே சமயம் கால் பலவீனமாகிவிட்டால் சந்தோஷப்படக் கூடாது. நரம்பு செயலிழந்து வலியைச் சொல்ல முடியாமல் போயிருக்கலாம். இவர்களை ஆறு வாரம் காக்கவைப்பதில்லை. சில நாட்களுக்குள் ஸ்கேன் எடுத்து அறுவை சிகிச்சை நிபுணர் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சூழ்நிலைதான் இந்தக் கட்டுரையில் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது. பெரிய துண்டு ஒன்று நடுவாகப் பிதுங்கி, முதுகுத்தண்டுக் குழாயின் கீழ்ப்பகுதியில் குதிரை வால்போலத் தொங்கும் நரம்புக் கற்றை முழுவதையும் நசுக்கிவிடும். அந்த நரம்புகள்தான் சிறுநீர்ப்பை, மலக்குடல், பிறப்புறுப்பு எல்லாவற்றையும் இயக்குகின்றன. இது வந்தவருக்குப் பல நேரங்களில் இரண்டு காலிலும் வலியோ பலவீனமோ இருக்கும். சைக்கிள் சீட்டில் படும் இடம் முழுவதும், அதாவது தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, ஆசனவாயைச் சுற்றிய பகுதி மரத்துப்போகும். கழுவும்போது கை படுவது தெரியாது. சிறுநீர் முட்டும், வராது, அல்லது நிரம்பியதே தெரியாமல் சொட்டுச் சொட்டாக ஒழுகும். கூச்சத்தால் இதை யாரும் சொல்வதில்லை, பெண்கள் குறிப்பாக. சிலர் சிறுநீர்த் தொற்று என்று நினைத்துக்கொண்டு மாத்திரை சாப்பிடுகிறார்கள். இதற்கு ஆபரேஷன் மட்டுமே வழி, அதுவும் முடிந்தவரை உடனே, இரண்டு நாளைத் தாண்டாமல். தாமதமானால் சிறுநீர்க் கட்டுப்பாடு வாழ்நாள் முழுவதும் திரும்பாமல் போகலாம். டிஸ்க் நோயாளிகளில் இது நூற்றுக்கு ஓரிருவருக்கு வருவதுதான். ஆனால் அந்த ஒருவர் இரவு பத்து மணிக்குப் புறப்பட்டுப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இந்த நிலையில் யாராவது முதுகை மிதித்தோ முறுக்கியோ 'எடுத்துவிட' முயன்றால் கேடு கூடும்.

ஆபரேஷன் என்றால் என்ன செய்கிறார்கள்? 1932இல் பாஸ்டனில் வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் என்ற இருவரும் இளைஞர் ஒருவரின் முதுகைத் திறந்து, நரம்பை அழுத்திக்கொண்டிருந்த டிஸ்க் துண்டை எடுத்தார்கள். சயாட்டிகாவுக்கும் டிஸ்க்குக்கும் உள்ள தொடர்பு அவர்கள் 1934இல் எழுதிய கட்டுரையால்தான் உலகுக்குத் தெளிவானது. இன்று அதே வேலை மைக்ராஸ்கோப் வைத்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டில் நடக்கிறது. எண்டோஸ்கோப்பிலும் செய்கிறார்கள். எலும்பில் சின்ன ஜன்னல் திறந்து, நரம்பை மெதுவாக ஒதுக்கி, பிதுங்கிய துண்டை மட்டும் எடுப்பார்கள். முழு டிஸ்க்கையும் எடுப்பதில்லை. அநேகமாக அன்றோ மறுநாளோ நோயாளி எழுந்து நடக்கலாம்.

கால் வலிக்கு இது நல்ல ஆபரேஷன். சரியான ஆளுக்குச் செய்தால் 10 பேரில் 8, 9 பேருக்குக் கால் வலி போய்விடும். இடுப்பு வலிக்கு அப்படி உறுதி சொல்ல முடியாது. பழைய இடுப்பு வலி போகும் என்று நம்பிச் செய்துகொண்டவர்தான் பிறகு 'ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனமில்லை' என்று ஊரெல்லாம் சொல்கிறார். அவருக்கு நடந்தது சரியான ஆபரேஷனாகவே இருந்திருக்கும், காரணம்தான் தவறு. மீதமிருக்கும் டிஸ்க்கிலிருந்து மறுபடி பிதுங்குவது நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பேர் வரை நடக்கிறது. நரம்புறை கிழிவது, கிருமித் தொற்று, அபூர்வமாக நரம்புக் காயம் ஆகியவை மற்ற ஆபத்துகள். முதன்முறை டிஸ்க் பிதுங்கியவருக்குத் திருகும் கம்பியும் போட்டு எலும்புகளை இணைக்கும் பெரிய ஆபரேஷன் பொதுவாகத் தேவைப்படாது. எலும்பு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியிருந்தால், நிலைகுலைந்திருந்தால் அது வேறு கதை. கால் வலியோ பலவீனமோ இல்லாத, வெறும் இடுப்பு வலிக்காக 'ஸ்க்ரூ போடலாம்' என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுவிடுவது நல்லது.

டிஸ்க்கே இல்லாத சில காரணங்களையும் சொல்லாமல் விட முடியாது. நம் நாட்டில் முதுகெலும்பைத் தாக்கும் காசநோய் இன்னும் உண்டு. சாயந்திரக் காய்ச்சல், எடை குறைவு, பசியின்மை, ஓய்வெடுத்தாலும் குறையாமல் இரவிலும் விடாத முதுகு வலி, இவற்றில் எதுவும் இருந்தால் ஆறு வாரம் பொறுக்கும் விதி பொருந்தாது. முன்பு புற்றுநோய் வந்தவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், கீழே விழுந்த பிறகு முதுகு வலிக்கும் முதியவர்கள் ஆகியோருக்கும் அப்படித்தான். அவர்களுக்கு முதல் நாளே ரத்தப் பரிசோதனையும் படமும் வேண்டும். அதற்காகக் காசநோய் என்றதும் ஆபரேஷன் என்று நினைக்க வேண்டியதில்லை. சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து, முதுகெலும்புக் காசநோயாளிகளைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 1999இல் வெளியிட்ட முடிவு இதுதான்: நடமாடிக்கொண்டே ஆறு அல்லது ஒன்பது மாதம் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்த பலன், பெரிய ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கிடைத்ததற்குக் குறைந்ததல்ல. எலும்பு நொறுங்கிக் கூன் விழும்போதும், சீழ் தண்டுவடத்தை நசுக்கும்போதும்தான் கத்தி தேவைப்படுகிறது.

ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: "எந்த நரம்பு பாதிக்கப்பட்டிருக்கு? எனக்கு வலிக்கிற பக்கமும் ஸ்கேன்ல தெரியிற பக்கமும் ஒண்ணுதானா? என் கால் பலம் இப்போ எவ்வளவு? இன்னும் ஒரு மாசம் பொறுத்தா என்ன கெட்டுப்போகும்?" நல்ல மருத்துவர் யாரும் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். அவர் பதில் சொல்லும்போது உங்கள் கட்டை விரலை அழுத்திப் பார்த்தாரா, காலைத் தூக்கிப் பார்த்தாரா என்பதைக் கவனியுங்கள். படத்தை மட்டும் பார்த்துத் தேதி குறித்தால் கையெழுத்துப் போட வேண்டாம், வேறு ஒருவரிடம் காட்டுங்கள். அடியில் மரத்துப்போய் சிறுநீர் வராமல் நின்றால் மட்டும் யாரிடமும் இரண்டாவது கருத்துக் கேட்க நேரமில்லை, அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.